திருப்தி என்றொரு கட்டம்

ஆரணியில் பட்டுச் சேலை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு மென்பொருள் எழுதித் தர ஒப்புக்கொண்டேன். வேலை மூன்று கட்டம். முதலில் கடையில் இருக்கும் சேலைகளுக்கெல்லாம் பார்கோடு ஒட்டி இருப்புக் கணக்கு. அடுத்தது நெசவாளர் கணக்கு: பல சேலைக்கான நீள நூலாகிய பாவு யாருக்கு எது போனது, எடை போட்டு எவ்வளவு ஜரிகை கொடுத்தார்கள், எத்தனை சேலை திரும்பி வந்தது, கூலி எவ்வளவு. கடைசியில் ஜிஎஸ்டி பில்லும் ஆட்களுக்குப் பயிற்சியும்.

இதையெல்லாம் ஒரே பக்கக் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் எதை ஒப்படைப்பேன், எந்தத் தேதியில், அப்போது எவ்வளவு பணம் என்று ஒரு அட்டவணை. தொடங்கும்போது கால் பங்கு முன்பணம். மிச்சம் மூன்று கட்டமும் முடிய முடிய. அடியில் இரண்டு வரி: ஒப்படைத்த ஒரு வாரத்துக்குள் சோதித்துப் பார்த்துக் குறையை எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். உங்கள் பக்கத்துத் தகவல் தாமதமானால் அத்தனை நாள் என் தேதியும் தள்ளிப்போகும்.

முதலாளி படிக்காமலே அதை மாப்பிள்ளையிடம் நீட்டினார். மாப்பிள்ளை சென்னையில் எம்பிஏ படித்தவன். கடைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டான். மறுநாள் கடிதம் திரும்பி வந்தது. என் தேதிகள் அப்படியே இருந்தன. பணம் என்ற பத்தியை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'முழு வேலையும் முடிந்து எங்களுக்குத் திருப்தி ஏற்பட்ட பின் மொத்தமாக' என்று எழுதியிருந்தான்.

நேரில் போனேன். "திருப்தின்னா என்னங்க? எதைப் பாத்து முடிவு பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"அது ஒரு ஃபீல்ங்க மேடம். இத பார்ட்னர்ஷிப்பா பாருங்க. இப்பவே பணம் பணம்னு பேசிகினு இருந்தா எப்படி?"

இந்த ஃபீலை வைத்துத்தான் கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை வைத்து, பட்டு என்ற சொல்லில் ஒற்றெழுத்தை விட்டிருந்தான்.

அவனிடம் பேசுவது வீண். முதலாளி பக்கம் திரும்பினேன். "உங்க நெசவாளருங்களுக்குக் கூலி எப்ப குடுப்பீங்க? பாவு முழுக்க நெய்து முடிச்சு, உங்களுக்குத் திருப்தி வந்தப்புறமா?"

"அது எப்படிம்மா? சேலைக்குச் சேலைதான். கொண்டாந்தா பாத்து வாங்கிப் போட்டு, கூலி குடுத்துடுவோம்."

"அது வேற, மாமா," என்றான் மாப்பிள்ளை.

முதலாளி கடிதத்தை வாங்கி இந்த முறை படித்தார். கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு தருவதாகச் சொன்னார். நியாயமான பேச்சு, அதையும் சேர்த்து எழுதினேன். கையெழுத்துப் போட்டார்.

முதல் கட்டம் தேதிக்கு முன்பே முடிந்தது. பணமும் வந்தது. இரண்டாம் கட்டத்துக்கு நெசவாளர் பட்டியல் வேண்டும். தர வேண்டியவன் மாப்பிள்ளை. ஒவ்வொரு வாரமும் மெயில் அனுப்பினேன். எக்செல்லில் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பதில் வரும். கடைக்குப் போனால் சேலைப் பைக்கு லோகோ வரைந்துகொண்டிருப்பான்.

ஒப்படைக்க வேண்டிய தேதி வந்ததும் அவனே போன் செய்தான். "மேடம், மைல்ஸ்டோன மிஸ் பண்ணிட்டீங்க. பெனால்டி பத்தி பேசணும்."

நான் கேட்டதும் அவன் பதில் சொன்னதுமான மெயில்களை அச்செடுத்துப் போய் முதலாளி முன் வைத்தேன்.

"லிஸ்ட்டு குடுத்தியா?" என்று அவர் கேட்டார்.

"ஃபார்மேட் பண்ணிகினு இருக்கேன் மாமா."

முதலாளி தாளையெல்லாம் மெதுவாகப் புரட்டினார். தப்பு யாருடையது என்று அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பக்கத்தில் இரண்டு விற்பனைப் பெண்கள் நின்றிருந்தார்கள், இவனோ வீட்டு மாப்பிள்ளை. "பேஜாரா பூடுச்சும்மா. இத்தோட நிறுத்திக்கலாமே," என்றார் என்னைப் பார்க்காமல். அது வரை அவர்மேல் இருந்த கொஞ்ச மரியாதையும் அங்கே போனது. மகன் மாதிரி வைத்துக்கொண்டவனை ஒரு வார்த்தை கண்டிக்க முடியாதவர், ஊர்ப் பஞ்சாயத்துக்கு மட்டும் முன்னால் போய் உட்காருவார்.

நிறுத்திக்கொண்டேன். இரண்டாம் கட்டத்தில் பாதிக்கு மேல் எழுதியிருந்தேன். முன்பணம் அதற்குச் சரியாகப் போயிற்று. பண நஷ்டம் இல்லை. மனது மட்டும் சில நாள் எரிந்தது.

சில மாதம் கழித்து உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க அந்தக் கடை இருக்கும் தெருவுக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை வெளியூர்க்காரர் ஒருவருக்கு ஸ்கேனரை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். கதவு திறந்தபோது காதில் விழுந்தது: "ஃபுல் சிஸ்டமும் நானே டிசைன் பண்ணதுங்க. செகண்ட் ஃபேஸ் ஜல்தியா வந்துகினு இருக்குது."

திருத்துவதற்கு நான் நிற்கவில்லை. அடுத்த கடையில் சேலை எடுத்தேன். அங்கே கையால்தான் பில் போட்டார்கள்.