வராமல் போன ஒரு சம்மதப் படிவம்

சட்டக் கல்லூரியில் 'மதமும் சட்டமும்' பாடம் நடத்தும் அவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் முடிச்சு டீச்சர். அவள் போடும் வழக்குக் கேள்விகள் சாதுவாகத் தொடங்கி, நடுவில் காலை வாரிவிடும். சாமி கும்பிடுவதை அவள் விட்டுப் பல வருஷம் ஆகிறது. அவள் அண்ணன் நேர் எதிர். ஊரில் சிறுபான்மையான அவர்களுடைய சமயத்தாருக்கு இருந்த ஒரே பள்ளியின் தலைமையாசிரியர். சமய வகுப்பும் அவர் கையில்தான்.

ஒருநாள் அண்ணன் கல்வித்துறை நோட்டீஸோடு மூச்சிரைக்க வந்தார். சமய வகுப்பை நிறுத்தாவிட்டால் அரசு உதவி நிற்குமாம். உதவி நின்றால் பள்ளிக்குப் பூட்டு. வகுப்பு நின்றால் அப்புறம் பள்ளி எதற்கு?

அவர் எழுதி வந்த பதிலை அவள் பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவால் திருத்தினாள். பத்துக்கு மூன்று.

"பள்ளி நடத்தவும் நம்பிக்கையைச் சொல்லித்தரவும் நமக்கு உரிமை இருக்கு. உதவி வாங்கறதால அது போயிடாது. அதுக்குத்தான் மூணு. எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் உக்காரணும்னு எழுதினே பாரு, அங்கே கவுந்துட்டே."

"நம்ம ஸ்கூல், நம்ம பாடம். கேக்கறதுக்கு யாரு?"

"பெத்தவங்க. உதவி வாங்கற ஸ்கூல்ல அவங்க சம்மதம் இல்லாம ஒரு பிள்ளையைக்கூட அந்த வகுப்புல உக்காரவைக்கக் கூடாதுண்ணே. நம்ம ஆளுங்க பிள்ளையா இருந்தாலும்தான்."

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே, அவள் எழுதித் தந்த சம்மதப் படிவத்தை அச்சடித்தார். ஒன்பது வீடுகள் வேண்டாம் என்றன. அந்தப் பிள்ளைகளை நூலகத்துக்கு அனுப்பினார்.

விசாரணையன்று கல்வி அதிகாரி படிவக் கட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "இருநூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க, படிவம் ஒண்ணு குறையுதே? அதையும் கொடுங்க. நோட்டீஸை வாபஸ் வாங்கிடலாம்."

குறைந்த படிவம், அதே பள்ளியில் படிக்கும் முடிச்சு டீச்சரின் மகளுடையது! ஊருக்கெல்லாம் படிவம் எழுதியவள் தன் வீட்டுக்கு எழுதவில்லை.

"வேணும்னாலும் சரி, வேண்டாம்னாலும் சரி, உன் இஷ்டம்," என்று அன்று மாலை அவள் வீட்டில் வெற்றுப் படிவத்தை நீட்டிய அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. அதற்காகக் கையெழுத்துப் போட்டுவிட முடியுமா? மகளைக் கேட்டாள்.

"கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. கேள்வி கேட்டா மட்டும் மாமா, பேசாம உக்காருங்கறாரு."

'சம்மதம்' என்று எழுதினாள். கீழே இன்னொரு வரி: 'கேள்வி கேட்டால் உட்காரச் சொல்லக் கூடாது.'

அண்ணன் படித்தார். "இப்படியெல்லாம் எழுதச் சட்டத்துல இடமிருக்கா?"

"தெரியலை. தங்கச்சியாக் கேக்கறேன்."

அவர் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் வகுப்பில் தங்கை மகள் கையைத் தூக்கினாள். "கேளும்மா," என்றார். சாமி எல்லாரையும் பார்க்கிறாரென்றால், நூலகத்தில் இருக்கிற ஒன்பது பேரையும் பார்ப்பாரா என்று கேட்டாள். அண்ணன் புத்தகத்தை மூடினார்.

"பார்ப்பாரு," என்றார். "நான்தான் இத்தனை நாளும் பார்க்கலை."