மூலை கிழிந்த படமும் ரப்பரக்காவும்

ஸ்டூடியோவின் பின்னறையில் ஜன்னல் கிடையாது. ஒரு கணினி, ஒரு ஸ்கேனர், கால் ஆடும் ஒரு மேசை, அதற்கு முன்னால் ஒரு நாற்காலி. இருபத்திரண்டு வருடமாக அந்த நாற்காலியில் உட்காருகிறவளுக்கு அம்மா அப்பா வைத்த பேர் என்னவோ, கடைக்கு வருகிறவர்களுக்கு அவள் ரப்பரக்கா. முகத்துப் பரு, சட்டைக் கறை, படத்தில் விழுந்த கீறல், எதைக் கொடுத்தாலும் அழித்துக் கொடுப்பாள். முதலில் மெல்லிய தூரிகையும் மையும் வைத்துப் படத்தின் மேலேயே புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். கணினி வந்ததும் அதையும் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கோபத்திலேயே கற்றுக்கொண்டது.

இந்த முறை கோபம் உள்ளங்கையளவுப் படம் ஒன்றால் வந்தது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் கொண்டுவந்தார். அவருடைய மனைவி தனியாக நிற்கும் ஒரே படம். மனைவி போய் ஆறு வருடம். அதற்கு முன்னாலும் பின்னாலும் அது அவர் சட்டைப்பையிலேயே இரண்டாக மடங்கிக் கிடந்திருக்கிறது. மடிப்பு சரியாகக் கன்னத்தின் குறுக்கே போகிறது. வலது பக்கம் மேல் மூலை, கட்டைவிரல் அகலத்துக்கு, காது வரை கிழிந்து போயிருக்கிறது.

"பெருசு பண்ணி மாட்டணும்மா. சுவர்ல இடம்கூடப் பார்த்து ஆணி அடிச்சுட்டேன்" என்றார்.

"ஆணியை முதல்ல அடிச்சுட்டீங்களா? நல்ல ஆளு!" என்று சிரித்தாள். சிரிப்பு அத்தோடு சரி.

படத்தை ஒருமுறை ஸ்கேன் செய்தாள். பிறகு தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு முறை. ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்துதான் அடிக்கும். மடிப்பின் மேட்டில் வெள்ளையும் பள்ளத்தில் கறுப்புமாக விழும். இரண்டையும் நேர்செய்து ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கலந்தால் பாதி மடிப்பு அடங்கிவிடும். மிச்சப் பாதிக்குத்தான் ஆளே தேவை. கன்னத்துக்குக் கணினியின் ஆற்றும் தூரிகையைப் பிடித்தாள். பக்கத்துத் தோலை எடுத்துக் காயத்தில் பூசிக் கலந்துவிடும் அது. ஆனால் கூந்தல் ஓரத்துக்கு வந்தால் அதே தூரிகை கறுப்பை இழுத்துக் கன்னத்தில் அப்பிவிடும். அங்கே நகல் முத்திரைதான், அப்படியே எடுத்து அப்படியே வைப்பது, ஒவ்வொரு முடியாக. மூலைக்குப் பின்னால் வெறும் திரைச்சீலை, மேகம் மேகமாகச் சாயம் பூசியது. இடது பக்கத்து மேகங்களை எடுத்து வலது மூலையை நிரப்பினாள். கிழிசல் ஓரத்தில் காதருகே அழுக்குப்போல் கறுப்பாக ஒரு தீற்றல் இருந்தது. அதையும் துடைத்துவிட்டாள்.

டிரைவர் வந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏதோ ஒரு மாதிரி இருக்கும்மா."

"என்ன மாதிரி?"

"சொல்லத் தெரியலை."

சொல்லத் தெரியாதவரோடு என்ன சண்டை போடுவது? பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரே மேகம் இரண்டு இடத்தில், இரட்டைப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. தன் தலையில் தானே தட்டிக்கொண்டு, பல இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மூலையை மறுபடி கட்டினாள். இரண்டாம் முறையும் டிரைவர் வந்தார்.

"மேகம் சரிதாம்மா. இவதான் சரியில்லை. வெட்டி ஒட்டின மாதிரி நிக்குறா."

ரப்பரக்காவுக்குக் காது மடல் சூடாயிற்று. "ஐயா, உங்க வீட்டம்மா முகத்துல நான் கையே வைக்கலை. மடிப்பை மட்டும்தான் எடுத்தேன்."

"நான் குறை சொல்லலைம்மா..."

"இதுக்குப் பேரு வேற என்ன?"

முன்பக்கத்திலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். பழைய முதலாளியின் மகன், ரப்பரக்காவைவிடப் பத்து வயது சின்னவர்.

"அக்கா, இன்னுமா அந்தப் படம்? இப்ப மெஷினே ஒரு தட்டுல எல்லாத்தையும் சரி பண்ணுது."

"தட்டிப் பாருங்க தம்பி."

அவர் தட்டினார். இயந்திரம் மூலையை நொடியில் நிரப்பியது. டிரைவரின் மனைவிக்கு இன்னொரு காதும் முளைத்தது.

"இது யாரு?" என்றார் டிரைவர், பயந்துபோய்.

முதலாளிக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் போகிறபோக்கில் சொன்னார்: "நாளைக்கும் இவர் திருப்பிக் கொடுத்தா, இந்த வேலையை வெளியில அனுப்பிடலாம். நீங்க முன்னாடி கவுண்டருக்கு வந்துடுங்க. பாஸ்போர்ட் போட்டோதானே, சுலபம்."

கவுண்டராம். 'தாடையை இறக்குங்க, சிரிக்காதீங்க' என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டு நிற்கவா இத்தனை வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள்?

மறுநாள் காலையில் கடை திறந்ததும் வந்து உட்கார்ந்தாள். கன்னத்தை மறுபடி பார்த்தாள். மடிப்பின் சுவடு இல்லை. உதடு, புருவம், கழுத்து, எதிலும் பிசகு இல்லை. கண் எரிந்தது. பேசாமல் அந்த டிரைவரை முன்னால் நிற்கவைத்து, "இவரையே ஃபிரேம் போட்டு மாட்டுங்க" என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. மூலையை வெறுப்போடு அழித்துவிடப் போனவள், மூக்கைப் பார்த்தாள். மூக்கின் வலது பக்கம் நிழல். கழுத்திலும் வலது பக்கம்தான் நிழல். அப்படியானால் விளக்கு இடதுபுறம் நின்றிருக்கிறது. விளக்கு இடதுபுறம் என்றால் தலையின் நிழல் எங்கே போயிற்று?

அவள் எப்போதும் திருத்தத்தைத் தனி அடுக்கில்தான் செய்வாள். மூலப்படம் அடியில் சேதமில்லாமல் கிடக்கும். மேலடுக்கை மறைத்தாள். கிழிசல் ஓரத்தில், காதருகே, அந்தக் கறுப்புத் தீற்றல். அழுக்கு என்று துடைத்தது. அழுக்கல்ல, திரைச்சீலையில் விழுந்த தலைநிழலின் மிச்சம். மீதி நிழல் கிழிந்த மூலையோடு போய்விட்டது.

"அட மக்கு!" என்றாள், சத்தமாக. முதலாளி, "யாரை?" என்றார். "வேற யாரை!" என்றாள்.

மேலடுக்கைத் திரும்பக் கொண்டுவந்து, அதில் தான் துடைத்த இடத்தை மட்டும் அழித்தாள். தீற்றல் திரும்பி வந்தது. அதைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மென்மையான தூரிகையால், காதருகே அழுத்தமாகவும் தள்ளிப்போகப் போக மங்கலாகவும் நிழலை வளர்த்தாள். வளர்த்த நிழல் வழவழவென்று இருந்தது. பழைய படம் மணல்மணலாக இருந்தது. அதே அளவு மணலைத் தூவினாள். முழு அளவுக்குச் சுருக்கிப் பார்த்தாள். அந்த அம்மாள் திரைச்சீலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

மத்தியானம் டிரைவர் வந்தார். இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை.

"ஆங்... வந்துட்டா" என்றார். சோதனை அச்சைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், "என்னம்மா பண்ணீங்க?"

"நான் பண்ணின தப்பை நானே சரி பண்ணினேன். நிழலை அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சுட்டேன்."

"அதைத்தான் நானும் சொன்னேன்."

"எங்கய்யா சொன்னீங்க! 'ஒரு மாதிரி, ஒரு மாதிரி'ன்னு மூணு நாளா உசிரை வாங்கினீங்க."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் எரிந்தது. முதலாளி படத்தை வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டே பிடித்துப் பார்த்தார்.

"ஒரு நிழலுக்கா மூணு நாள்?"

"ஆமா தம்பி. கவுண்டருக்கு எப்ப வரணும்?"

அவர் மன்னிப்பு கேட்கவில்லை, கேட்கிற வழக்கம் அந்தக் குடும்பத்துக்கே கிடையாது. பெரிதாக்கி அச்சடிக்கப் படத்தை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழுப்பு உறை. மேசையில் வைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டார். அவள் கவிழ்த்தாள். நான்கு துண்டாகக் கிழிந்த ஒரு கல்யாணப் படம் விழுந்தது, மாப்பிள்ளைக்குப் பாதி மூக்கு இல்லை.

"கடவுளே" என்று முனகிக்கொண்டு, நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டு, முதலில் விளக்கு எந்தப் பக்கம் என்று பார்த்தாள்.