ஆறு ஆம்பியர் மோட்டார், பத்து ஆம்பியர் ரிலே

ரூஹிக்குப் புகழேந்தி மேல் இரண்டு வருஷத்து வன்மம். நந்தனத்தில் தண்ணீர் மோட்டாருக்குத் தானியங்கிப் பெட்டி செய்து விற்கும் அவனிடம் ஒன்பது வருஷம் வயரிங் செய்தவள். ஒரு பெட்டியில், மோட்டாரைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டு, மோட்டார் நிற்காமல் ஓடியது. "இவ வயரிங் சரியில்ல சார்" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கைகாட்டிவிட்டு, அன்று மாலையே அவளை வீட்டுக்கு அனுப்பினான். அந்த ரிலேயைத் தேர்ந்தெடுத்தவனே அவன்தான். ஓடும்போது ஆறு ஆம்பியர் இழுக்கிற மோட்டார் கிளம்பும் நொடியில் முப்பத்தைந்து இழுக்கும், பத்து ஆம்பியர் ரிலே தாங்காது என்று அவள் தலைபாடாய் அடித்துக்கொண்டும் அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த ஏப்ரலில் அடையாறில் ஓர் அடுக்குமாடிக்கு இன்வெர்ட்டர் பார்க்கப் போனாள். கீழே மோட்டார் அறையில் புகழேந்தி புதுப் பெட்டி மாட்டிக்கொண்டிருந்தான்.

"சாலிட் ஸ்டேட் ரிலே மேடம். உள்ள முனையே கெடையாது, ஒட்டிக்கினு நிக்கிற பேச்சே இல்ல" என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் வைதேகியிடம் அளந்துகொண்டிருந்தான்.

ரூஹி எட்டிப் பார்த்தாள். இதுவும் அதே பத்து ஆம்பியர். சூட்டை வாங்க அடியில் அலுமினியத் தகடுகூட இல்லை. மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இது வெந்துபோகும். வெந்தால் பெரும்பாலும் இணைப்பு அறுந்து நிற்காது. உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, மோட்டாரை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும்.

"நீயும் இந்த வேலைதானேம்மா, இது சரியா வருமா?" என்று வைதேகி கேட்டார்.

"சாருக்குத் தெரியாததா மேடம்" என்றாள் ரூஹி, தேன் ஒழுக. படட்டும், ஊர் பார்க்கப் படட்டும் என்று நெஞ்சு குளிர்ந்தது.

இருபதாம் நாள் தொட்டி வழிந்து லிஃப்ட் குழியில் தண்ணீர் நிறைந்தது. வைதேகி கூப்பிட்டதும், கல்யாணத்துக்குக் கிளம்புகிறவளைப் போல நல்ல துப்பட்டாவாக எடுத்துப் போட்டுக்கொண்டு போனாள்.

புகழேந்தி அவளுக்கு முன்பே அங்கே வந்திருந்தான். பக்கத்தில் அவனிடம் இப்போது வயரிங் செய்யும் ஸ்ரீலக்ஷ்மி.

"இந்தப் பொண்ணு வயரிங் சரியில்ல மேடம். இன்னியோட நிறுத்திட்டேன்."

ரூஹி காத்திருந்தது அவன் முகத்தைப் பார்க்க. பார்க்க நேர்ந்தது ஸ்ரீலக்ஷ்மியின் முகத்தை.

ரூஹி மின்சாரத்தை நிறுத்தி, ரிலேயைக் கழற்றி மீட்டர் வைத்தாள். ஷார்ட் என்று கத்தியது.

"வயரிங்ல குத்தமே இல்ல மேடம். நாப்பது ஆம்பியர் ரிலேவா, தகட்டோட போட்டிருக்கணும். இல்லன்னா மோட்டாருக்குன்னே வர்ற கான்டாக்டர் சுவிட்ச் போடணும். இத்தப் பொறுக்குனது இவரு."

புகழேந்தி தலையைத் தொங்கப்போட்டான். இரண்டு வருஷம் அவள் ஏங்கிய காட்சி. ஆனால் இனிக்கவில்லை.

"அன்னிக்கே கேட்டேனேம்மா, ஏன் சொல்லல?" என்றார் வைதேகி.

"இவரு அசிங்கப்படணும்னுதான் மேடம்."

வைதேகி, புகழேந்தி, ரூஹி இருவரையும் இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வாசலில் ஸ்ரீலக்ஷ்மியிடம், "நான் சொன்னத வச்சு உன் வேலை போவாது" என்றாள் ரூஹி.

"அவரு தெரியாம போட்டாரு அக்கா" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "நீ தெரிஞ்சே பாத்துக்கினு இருந்த."