கொட்டை எழுத்தில் என் பெயர்

அப்போது நான் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். கொழும்பில் மாதப் பத்திரிகை நடத்திய ஒருவர், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாழ்க்கையைப் பற்றி மாதம் ஒரு கதை வேண்டும் என்று கடிதம் எழுதிவிட்டு, நேரிலும் வந்தார். எழுதிய கதையோடு அவரைப் பார்க்க ஹட்டன் கடைவீதிக்குப் போனேன்.

"பணம் மட்டும் கேக்காதீங்க. உங்க பேரைக் கொட்டை எழுத்துல போடுறேன், நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"எந்த நாலு பேருங்க? லயத்துல ஒருத்தர் படிப்பாரு, இருபது பேர் உக்காந்து கேப்பாங்க. கதையத்தான் படிப்பாரு. எழுதுனவன் பேரைத் தேடிப் பாக்குறது தோட்டத்து ஆபீசு மட்டுந்தான். மறுநாளே தொரை என் சீட்டைக் கிழிச்சிருவாரு."

"அதுக்கென்ன, புனைபெயர் போட்டுட்டாப் போச்சு!" பெரிய சிக்கலைத் தீர்த்துவிட்டவர்போல் சிரித்தார்.

கதைத் தாள்களை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"எழுதுறதுக்குக் கூலியே என் பேருதான்னீங்க. இப்ப அதையும் பிடிச்சுக்கிட்டீங்களே?"