வாயும் வயிறுமாக ஓர் ஆண்

நண்டு வலையில் தப்பித்தவறி மாட்டும் கடல்குதிரைகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, உயிரோடு இருந்தால் கடலில் விடச் செய்வதுதான் என் வேலை. நான் குடியிருக்கும் படூர் அடுக்ககத்தில் யாரிடம் சொன்னாலும், "இதுக்கா சம்பளம்?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே.

அன்று மாமல்லபுரத்து அண்ணன் ஒருவரின் படகில் போயிருந்தேன். வலையை வாரிப் போட்டுக்கொண்டு பாதி தூரம் திரும்பிவிட்டோம். நண்டு கழற்றும்போதுதான் கண்ணில் பட்டது, வலைநூலை வாலால் இறுக்கிப் பிடித்தபடி ஒரு கடல்குதிரை. வயிற்றுப் பை புடைத்திருந்தது. ஆண், நிறைமாதம். கடல்நீர் வாளியில் விட்டேன்.

"இங்கியே வுட்டுறவா மேடம்?" என்றார் அண்ணன்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வாய் ஓயாமல் சொன்னேன். பெண் தன் முட்டைகளை இவன் பைக்குள் வைத்துவிடும். அங்கேதான் அவை கருவாகும். அதனால் குஞ்சு அத்தனையும் தன்னுடையதுதான் என்பதில் இவனுக்குச் சந்தேகமே கிடையாது. உள்ளேயே மூச்சும் ஊட்டமும் கொடுத்து, பைக்குள் இருக்கும் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குச் சமமாக்கிப் பெற்றெடுப்பான். இவன் சுமக்கும் நாளில் அவள் அடுத்த முட்டைகளைத் தயார் செய்வாள். தினம் விடிந்ததும் இவனிடம் வந்து, நிறம் மாறி, சேர்ந்து சுற்றி ஆடிவிட்டுப் போவாள். இவன் பெற்றதும் அதிக நாள் காத்திராமல் அடுத்த ஈட்டு முட்டைகள் பைக்குள் வரும். முட்டை முதிர்ந்த நேரத்தில் இவன் இல்லாவிட்டால் அது வீணாக மண்ணில் விழும். அதனால் இவனைப் பிடிபட்ட இடத்திலேயே விட வேண்டும்.

வலையின் தெற்கு முனையில் ஒட்டியிருந்ததால் இடம் தெரியும், பாறைப் பக்கம். ஆனால் அங்கே திரும்பிப் போனால் கரையில் நண்டு ஏலம் முடிந்துவிடும். என்ஜினில் இருந்த அவர் தம்பி முனகினார். கேட்கவே எனக்குக் கூசியது, இருந்தும் கேட்டேன். அண்ணன் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, தம்பியிடம் படகைத் திருப்பச் சொன்னார்.

பாறையருகே வாளியைச் சாய்த்தோம். நிமிர்ந்தபடியே மெல்ல இறங்கி மறைந்தது. துணை வந்ததா என்று எங்களுக்குத் தெரியாது.

கரையில் அவர் மனைவி கூடையோடு நின்றிருந்தார். நல்ல விலை கொடுக்கும் வியாபாரிகள் எல்லோரும் போய்விட்டார்கள். எங்களைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"இன்னாத்துக்கு இம்மா நேரம்?"

"புள்ளத்தாச்சிய நடுரோட்டுல எறக்கிவுட்டு வரச் சொல்றியா?" என்றார் அண்ணன்.

அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அவசர அவசரமாக நடந்ததைச் சொன்னேன். மூன்று பிள்ளை பெற்றவர். கேட்டுக்கொண்டே நண்டுகளைக் கூடையில் அள்ளினார்.

"ஆம்பளையா சொமக்குது?"

"ஆமாம்க்கா."

"அப்ப கொண்டுபோய் வுட்டுத்தான் ஆவணும்," என்றார்.

கிடைத்த விலைக்கு நண்டை விற்கப் போனார். அந்த வீட்டுக்கு நான் பட்ட நன்றிக்கடனை எந்த அறிக்கையிலும் எழுத இடமில்லை. இங்கே எழுதுகிறேன்.