இருநூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் த்ரேசியா

லீலாமணியின் மேஜைக்கு எதிர்ச்சுவரில் எப்போதும் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். கையில் இருக்கிற கைப்பிரதியில் யார் யார் எந்தப் பக்கத்தில் செத்தார்கள் என்ற பட்டியல் அது. கோட்டயத்தில் அந்தப் பதிப்பகத்தில் வேலை பார்க்கிறவர்கள் அதற்கு ‘லீலாமணியோட கல்லறை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் காகிதத்தைக் கிழித்தது கிடையாது.

பட்டியல் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தொடங்கியது. படகு ஓட்டி ஓய்வு பெற்ற ஔசேப்பு தன் வாழ்க்கையை அறுநூறு பக்கம் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். ஓணத்துக்குள் புத்தகம் வரவேண்டும் என்று முதலாளி சாக்கோச்சன் ஒற்றைக்காலில் நின்றார். தட்டச்சாகி வரவர ஒவ்வொரு அத்தியாயமாகப் பிழைதிருத்தும் வாவச்சன் சார் பார்த்தார். பின்னாலேயே லீலாமணி வாக்கியங்களை இழைத்தாள். எல்லாம் முடிந்து, அச்சுக்குப் பக்கம் பிரித்துக் கட்டியான பிறகுதான் முழுசையும் ஒரே மூச்சில் படித்தாள். ஔசேப்பின் மனைவி த்ரேசியா செத்த பிறகு நூறு பக்கம் ஒரே இருட்டு. வாசகன் மூச்சுத் திணறிப் போவான் என்று தோன்றியது. முன்னால் இருந்த மழைக்கால அத்தியாயம் ஒன்றைத் தூக்கிப் பின்னால் வைத்தாள். அத்தியாய எண்ணை மாற்றினாள், பக்க எண்ணை மாற்றினாள், அச்சுக்கு அனுப்பினாள். அதற்கப்புறம் ஒருத்தரும் படிக்கவில்லை. வேலை முடிந்துபோன பிரதியை எவன் படிப்பான்?

புத்தகம் வந்த மாசம் ஒரு வாசகர் தபாலட்டை போட்டார். ‘இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அடக்கம் செய்த த்ரேசியா, இருநூற்று நாற்பத்து மூன்றில் கட்டன்காப்பியோடு வந்து, “தலையைத் துவட்டுங்க மனுஷா” என்கிறாரே, இது ஆவியா?’ அட்டை மேஜை மேஜையாகச் சுற்றிச் சிரிப்பை வாங்கிக்கொண்டு கடைசியில் அவளிடம் வந்தது. அன்றைக்கே ஔசேப்புக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினாள், சுவரில் முதல் பட்டியலையும் ஒட்டினாள். பதில் வரவில்லை. ஒன்பது வருஷமும் வரவில்லை.

த்ரேசியா மட்டும் வந்துகொண்டே இருந்தாள். எந்தப் பிரதியில் மழை பெய்தாலும், யார் தலை நனைந்து வந்தாலும், அடுத்த வரியில் துண்டும் காப்பியுமாக அவள் நிற்பாள் என்று லீலாமணிக்குத் தோன்றும். கண்ணை மூடித் திறந்துவிட்டு மேலே படிப்பாள். கணவனிடம்கூட இதைச் சொன்னதில்லை.

இந்த வருஷம் அதே புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு என்று சாக்கோச்சன் சொன்னபோது அவள் பேனாவை மூடிவைத்தாள். ஒரே ஒரு தரம் கிடைத்திருக்கிறது, இதையும் விட்டால் அந்தத் தப்பு தன்னோடுதான் சாகும் என்று நினைத்தாள்.

“பெரிய வேலை ஒண்ணும் இல்ல. பிழைப் பட்டியல் நாலு பக்கம் இருக்கு. முதல்ல வாவச்சன் சார் அதைப் பாத்துடட்டும். நேரமிருந்தா நீ மத்ததைப் பாரு” என்றார் சாக்கோச்சன்.

“முடியாது சாரே” என்றாள் லீலாமணி.

“என்ன முடியாது?”

“வாவச்சன் சார் ஒரு மாசம் கண்ணைக் கெடுத்துத் திருத்தின பத்தியை நான் அடுத்த மாசம் வெட்டி எறிஞ்சா அந்தக் கண்ணுக்கு யார் பதில் சொல்றது? அப்புறம் நான் புதுசா சேக்கிற வரியில இருக்கிற பிழையை யார் பாப்பா?”

காகிதத்தை எடுத்து எழுதியே காட்டினாள். முதலில், எந்த அத்தியாயம் எங்கே, எது வேணும், எது வேண்டாம். இதற்கு எழுதினவர் வேண்டும். அடுத்து வருஷம், வயது, பெயர், யார் உயிரோடு இருக்கிறார். அப்புறம்தான் பத்தியும் வாக்கியமும். அதற்கும் கீழே எழுத்துப்பிழை. கடைசியில் பக்கம் கட்டி, திருத்தின பிரதியோடு ஒப்பிட்டுப் படிப்பது; அந்த நேரம் யாரும் எதையும் நகர்த்தக் கூடாது.

“ஒரு படி இறங்கினா திரும்பி ஏறக்கூடாது. ஏறித்தான் ஆகணும்னா, அங்கேருந்து எல்லாப் படியும் மறுபடி இறங்கணும். நான் போன தடவை கீழ்ப்படியிலேருந்து மேலே தாவினேன். தாவினதோட நின்னுட்டேன்.”

“பீரோவை எங்க போடறதுன்னு தெரியாம வீட்டைக் கூட்டின கதைதான் அது. எனக்கும் பங்கு உண்டு” என்றார் வாவச்சன் சார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. “அந்தப் பொம்பளை காப்பி கொண்டு வந்தப்ப நான் ஒரு காற்புள்ளியைத்தான் பாத்தேன். உயிரோட இருக்காளான்னு பாக்கல.”

சாக்கோச்சன் இரண்டு பேரையும் முறைத்துவிட்டு, “ரெண்டு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் கேட்டா பாரு” என்று எழுந்து போனார்.

முதல் படிக்கு எழுதினவர் வேண்டும். வேறு வழியில்லாமல் மறுநாள் காலை ஔசேப்பின் வீட்டுக்குப் போனாள் லீலாமணி. படகுத்துறையில் இறங்கி வாய்க்கால் ஓரமாக நடந்தாள். ஔசேப்புக்குப் பார்வை பாதி போயிருந்தது. வாசலில் அவள் கூப்பிட்ட குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார்.

“கடுதாசி எழுதின மோளா? வா, உட்காரு” என்றார், மகளைக் கூப்பிடுகிற மாதிரி.

“தப்பு என்னோடது சேட்டா. அந்த அத்தியாயத்தைப் பழைய இடத்துலயே வெச்சிடறேன். எல்லாம் சரியாயிடும்.”

அவர் அலமாரியைக் கைகாட்டினார். அவள் புத்தகத்தை எடுத்தாள். கையில் எடுத்ததுமே அது தானாக ஒரு இடத்தில் திறந்துகொண்டது. இருநூற்று நாற்பத்து மூன்று. ஓரமெல்லாம் விரல் பட்டுக் கறுத்திருந்தது.

“கோபத்துல பதில் போடாம இருந்தேன்னு நினைச்சியா? பதில் போட்டா நீ திருத்திடுவியேன்னு பயம்” என்றார் ஔசேப்பு. “பழைய இடத்துல வெச்சா என்ன ஆகும் தெரியுமா? காப்பி கொடுப்பா, அப்புறம் செத்துப்போவா. அது நடந்துதான் முடிஞ்சதே. இதுல, அவளைப் புதைச்சிட்டு முப்பது பக்கம் தனியா நடக்கிறேன். அப்புறம் வர்றா.”

ஒன்பது வருஷமாக லீலாமணியைத் துரத்தின த்ரேசியா இங்கே ஒரு மனுஷனுக்குத் துணையாக இருந்திருக்கிறாள். அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் மனசு இளகியது. ஆனால் அடுத்த படியில், யார் எந்த வருஷம் உயிரோடு இருந்தார் என்ற கணக்கு குறுக்கே நின்றது. படிக்கிறவனை ஏமாற்றி அவளைத் திரும்பக் கூட்டிவர முடியாது.

“அப்ப நீங்கதான் ஒரு வரி சொல்லணும் சேட்டா. அத்தியாயத்தோட தலையில. தெரிஞ்சேதான் இங்க வெச்சிருக்கோம்னு.”

அவர் வாய்க்கால் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்: ‘இது அவள் போவதற்கு முந்தின வருஷத்து மழை, எனக்கு அவள் வருவது இங்கேதான்.’

அந்த ஒரு வரியும் மற்ற பக்கங்களைப் போலவே எல்லாப் படியும் இறங்கியது. வருஷம் சரியா என்று பார்த்தாள். வாக்கியத்தைத் தொடவில்லை. வாவச்சன் சார் எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை முழுப் பக்கத்தையும் தலையிலிருந்து ஒரு தரம் படித்தார். ஓரத்தில், ‘ஆள் சரி’ என்று பென்சிலில் எழுதியிருந்தார்.

பக்கம் கட்டி வந்த பிறகு, ஒரு மத்தியானம் ஔசேப்புக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினாள். அடக்கத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். முப்பது பக்கம். நடுவில் இருமல்கூட வரவில்லை. சுவரில் இருந்த பட்டியலில் த்ரேசியா, 212 என்று இருந்தது. புது வரி வந்தது. மழை வந்தது. படகைக் கட்டிவிட்டு அவர் நனைந்து வீட்டுக்குள் வந்தார்.

“‘தலையைத் துவட்டுங்க மனுஷா’” என்று படித்தாள் லீலாமணி.

“போதும் மோளே, அங்கேயே நிறுத்து” என்றார் ஔசேப்பு. “இனிமே நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம்.”

அவர் போனை வைக்கவில்லை. அவளும் வைக்காமல், அவர் வீட்டுப் பக்கத்து வாய்க்கால் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.