முப்பது பேருக்குச் சோறு

என் வீட்டுக்காரர் இறந்துபோய் வருசம் திரும்பியதும், எங்கள் பழைய சந்துக்காரர்கள் முப்பது பேரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அந்தச் சந்து வீடுகளை இடித்தபிறகு எல்லாரும் மான்குர்த், விக்ரோலி என்று மும்பையின் மூலைக்கொருவராகப் போய்விட்டார்கள். நான் மட்டும் தாராவியிலேயே மாடி வீட்டுக்கு வந்தேன்.

என் கணக்கு சுலபம். எட்டுப் பேருக்கு ஒரு கிலோ அரிசி, ஏழு பேருக்கு ஒரு கிலோ கறி, ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர் பாயசம். ஆக, நாலு கிலோ அரிசியும் நாலரை கிலோ கறியும் வாங்கினேன். பாயசத்துக்கு மூணு லிட்டர் பால். கறியும் பாயசமும் மொத்தமாகத்தான் வைக்கணும். சோற்றை மட்டும் ரெண்டு உலையாக வைப்பேன். முதல் உலை பாதி காலியானதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைப் போடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி வரைக்கும் ஏழு பேர்தான் வந்தார்கள். முதல் பானையில் சோறு பாதிக்குமேல் அப்படியே கிடந்தது. ஒத்தாசைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி என் காதருகே, "பெரியம்மா, ரெண்டாவது உலை வேண்டாம். இனி யாரும் வரமாட்டாவ" என்றாள்.

வந்தவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வருவாவ. ட்ரெயின் லேட்டாயிருக்கும். நீ தண்ணியக் காய வையி" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். நான் ரெண்டு கிலோ அரிசியைக் களைந்து போட்டேன். வடித்து முடிக்கும்போது எல்லாரும் விடைபெற்றுப் போயிருந்தார்கள். பாதிக் கறியை அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். ரெண்டாவது பானைச் சோற்றை யாரும் தொடவே இல்லை. ராத்திரி அப்படியே தண்ணீர் ஊற்றி மூடினேன்.